வெயில் பட்ட இடத்தில் மட்டும் தடிப்பு: அடையாளம் காண்பதும் தோலைக் காப்பதும்

பங்குனி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் சிலருக்கு முன்கையின் வெளிப்புறத்திலும் பின்கழுத்திலும் முகத்திலும் தடிப்புகள் கிளம்புகின்றன. இரவில் தூங்கவிடாமல் அரிக்கின்றன. சில நாள் வெயில் படாமல் இருந்தால் தழும்பில்லாமல் மறைகின்றன. மறுபடி வெளியே போனால் பழைய இடத்திலேயே வந்து நிற்கின்றன. இதை உடம்புச் சூடு என்று நினைத்து மோரும் இளநீரும் குடிப்பவர்கள் உண்டு. கருவாட்டையும் கத்திரிக்காயையும் ஒதுக்குபவர்களும் உண்டு. இளநீர் குடிப்பதில் கேடு ஒன்றுமில்லை, ஆனால் தடிப்பு அதனால் நிற்காது. காரணம் சாப்பாட்டில் இல்லை, தோலில் படும் ஒளியில் இருக்கிறது.

ஒளியால் வரும் தடிப்புகளில் அதிகம் காணப்படுவது 'பாலிமார்ஃபஸ் லைட் எரப்ஷன்'. மருத்துவர்கள் சீட்டில் பி.எம்.எல்.இ. என்று சுருக்கி எழுதுவார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு, குறிப்பாக இளவயதுப் பெண்களுக்கு, இது கூடுதலாக வருகிறது. ஒருவருக்குச் சிறு பருக்களாகவும், இன்னொருவருக்குப் பட்டையான தடிப்பாகவும், மற்றொருவருக்கு நீர்க்கொப்புளமாகவும் வரலாம். ஆனால் ஒரே ஆளுக்குப் பெரும்பாலும் ஆண்டுதோறும் ஒரே மாதிரிதான் வரும்.

நம்முடைய மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் சிவப்பு தெளிவாகத் தெரியாது. அதனால் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. குண்டூசித் தலை அளவில் நெருக்கமாகக் கிடக்கும் பருக்கள், சில நேரம் சுற்றியுள்ள தோலைவிட வெளிறியோ கருத்தோ தெரியும். கண்ணுக்குப் படாவிட்டாலும் விரலால் தடவினால் மணற்காகிதம் போல் சொரசொரப்பாக இருக்கும். இது வெயில் ஒவ்வாமைதானா என்று கண்டுபிடிக்க இரண்டு கேள்விகள் உதவும்: எங்கே வந்திருக்கிறது? வெயில் பட்டு எவ்வளவு நேரத்தில் வந்தது?

முதல் கேள்வி: எங்கே?

கண்ணாடி முன் நின்று, வந்த இடத்தைவிட வராத இடத்தைக் கவனியுங்கள். வெயிலால் வந்த தடிப்பு நிழல் விழும் இடங்களை விட்டுவிடும். மேலிமை, காதுக்குப் பின்புறம், தாடைக்கு அடியில் உள்ள பள்ளம், கைக்கடிகாரப் பட்டையின் கீழ் ஆகிய இடங்களில் தோல் சுத்தமாக இருக்கும். சட்டைக்கை முடியும் இடத்தில் ஓர் எல்லைக்கோடு போட்டதுபோல் தடிப்பு நின்றுவிடும். முழங்கையின் உள்மடிப்பு தப்பித்திருக்கும், வெளிப்புறம் மட்டும் தடித்திருக்கும்.

வேர்க்குரு இதற்கு நேர்மாறு. அது துணி மூடிய முதுகிலும் மார்பிலும் இடுப்பிலும், வியர்வை தேங்கும் இடத்தில் வரும். தடிப்பு முழுக்கத் துணிக்கு உள்ளே இருந்தால் வெயில் ஒவ்வாமையை விட்டுவிட்டு வேறு காரணம் தேடுங்கள்.

பார்த்தீனியச் செடியால் வரும் ஒவ்வாமையும் முகத்தையும் கைகளையும்தான் தாக்கும். ஆனால் காற்றில் பறக்கும் அதன் துகள்கள் நிழலைப் பார்த்து ஒதுங்குவதில்லை. மேலிமை, காதின் பின்புறம், கழுத்து மடிப்பு, முழங்கை மடிப்பு என எல்லா இடத்திலும் உட்கார்ந்துவிடும். தரிசு நிலமும் ரயில் பாதையும் உள்ள பகுதியில் வசிப்பவருக்கு மேலிமையும் சேர்ந்து தடித்தால், முதல் சந்தேகம் பார்த்தீனியத்தின் மேல் விழ வேண்டும்.

இரண்டாவது கேள்வி: எவ்வளவு நேரத்தில்?

பி.எம்.எல்.இ. வெயில் பட்டவுடனே வருவதில்லை. அரை மணி முதல் பல மணி நேரம் கழித்து, சிலருக்கு மறுநாள்கூட வரும். வந்தால் பல நாள் தங்கும். வெயிலைத் தவிர்த்தால் ஓரிரு வாரத்துக்குள் அடங்கிவிடும்.

வெயிலில் நின்ற சில நிமிடத்திலேயே கொசு கடித்தாற்போலத் தடித்து, நிழலுக்கு வந்த சில மணி நேரத்தில் சுவடில்லாமல் மறைந்தால் அது வெயிலால் வரும் காணாக்கடி. மருத்துவத்தில் சோலார் அர்டிகேரியா என்பார்கள். இது அரிது. ஆனாலும் உடலின் பெரும்பகுதியில் ஒரே நேரத்தில் வெயில் பட்டால் மயக்கமும் மூச்சுத் திணறலும் வரக்கூடும் என்பதால் இதை அலட்சியப்படுத்தக் கூடாது.

வெயிலுக்குப் பின் வந்த சிவப்பு வாரக்கணக்கில் போகாமல் நின்றாலோ, இரு கன்னத்திலும் மூக்கின் மேலும் பரவி மூக்கின் ஓர மடிப்பை மட்டும் விட்டிருந்தாலோ லூபஸ் நோயைச் சந்தேகிக்க வேண்டும். கூடவே மூட்டு வலி, வாய்ப்புண், முடி உதிர்தல், விட்டுவிட்டுக் காய்ச்சல் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் சந்தேகம் வலுக்கும். மருத்துவர் ஏ.என்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை எழுதுவது இதை விலக்கத்தான்.

இதோடு இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: அண்மையில் புதிய மாத்திரை தொடங்கினீர்களா? பருவுக்கும் தொற்றுக்கும் தரும் டாக்சிசைக்ளின், ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு, வலிக்கான பைராக்சிகாம், வலிக்குப் பூசும் கீட்டோப்ரோஃபென் ஜெல் போன்றவை தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். ரத்த அழுத்த மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. எழுதித் தந்த மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தர வழி உண்டு.

வேனின் வலப்பக்க இருக்கை

ஒருவரின் நிலையை எடுத்துக்கொண்டு இந்தக் கேள்விகளைப் போட்டுப் பார்ப்போம். திருமங்கலத்தில் வசித்து, மதுரையில் வேலை பார்க்கும் ஒரு பெண். வயது முப்பதுக்குள். காலையும் மாலையும் அலுவலக வேன். ஏ.சி. போட்டுக் கண்ணாடி மூடியிருக்கும். நாள் முழுக்கக் கட்டடத்துக்குள் இருப்பவர் என்பதால் வெயில் படவே இல்லை என்பது அவர் நம்பிக்கை. பங்குனி முதல் வாரத்தில் வலது முன்கையிலும் கழுத்தின் வலப்பக்கத்திலும் பொடிப் பருக்கள் வந்தன. இடது கையில் அங்கொன்றும் இங்கொன்றும்தான். முகத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் அரிப்பு கூடுகிறது. விடுமுறை சேர்ந்து நாலைந்து நாள் வீட்டில் இருந்தபோது குறைந்தது, வேலைக்குத் திரும்பியதும் ஏறியது.

இவர் ஒரு நோட்டில் இரண்டு வாரம் மூன்றே விஷயங்களை எழுதினார்: எப்போது எந்தப் பக்கம் வெயில் பட்டது, அரிப்பு எத்தனை மணிக்குத் தொடங்கியது, எந்த இடத்தில். அதிலேயே விடை கிடைத்தது. திருமங்கலத்திலிருந்து மதுரை வடகிழக்கே இருக்கிறது. காலையில் கிழக்கே நிற்கும் சூரியன் வேனுக்கு வலப்பக்கம். மாலையில் தென்மேற்காகத் திரும்பும்போது மேற்கே சாயும் சூரியனும் வலப்பக்கமே. இவர் இரு வேளையும் வலப்பக்க ஜன்னலோரம்தான் உட்கார்ந்து வந்தார். தினமும் வலது கைக்குக் கண்ணாடி வழியே இரண்டு தவணை வெயில் கிடைத்தது.

கண்ணாடி மூடியிருந்தும் எப்படி வந்தது? வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களில் தரையை அடைபவை இரண்டு வகை. தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் 'பி' வகையைச் சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். 'ஏ' வகை கண்ணாடியைத் தாண்டி உள்ளே வரும், மேகத்தையும் தாண்டும். காலை எட்டு மணிக்கும் மாலை நாலரைக்கும்கூடக் கணிசமாக இருக்கும். இந்த ஒவ்வாமையைப் பெரும்பாலும் தூண்டுவது அந்த 'ஏ' வகைதான். வண்டியின் முன்கண்ணாடி இரண்டு அடுக்குக் கண்ணாடிக்கு நடுவே மெல்லிய தாள் வைத்து ஒட்டியது என்பதால் 'ஏ' வகையையும் நன்றாகத் தடுக்கும். பக்கவாட்டுக் கண்ணாடி பல வண்டிகளில் அப்படி இருப்பதில்லை.

மாலை வெயிலுக்கு இரவில் அரிப்பு வருவதற்கும், எப்போதும் வெயில் படும் முகம் தப்பியதற்கும் காரணம் ஒன்றுதான். வெயில் படும்போது தோலுக்குள் சில பொருள்கள் சற்றே உருமாறுகின்றன. மற்றவர்களுக்கு அந்த வேளையில் தோலின் எதிர்ப்புச் செயல் தானாகத் தணிந்துவிடும், உருமாற்றத்தை உடல் கண்டுகொள்ளாது. இந்த ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அந்தத் தணிவு போதுமான அளவு நடப்பதில்லை. மாறிய பொருளை அந்நியம் என்று எடுத்துக்கொண்டு எதிர்ப்பு அணுக்கள் அங்கே திரள்கின்றன. அவை வந்து சேரச் சில மணி நேரம் பிடிக்கும், அதனால்தான் இரவில் அரிப்பு. ஆண்டு முழுக்க வெயில் பட்டுக்கொண்டே இருக்கும் முகமும் புறங்கையும் மெல்ல மெல்லப் பழகித் தணிவைக் கற்றுக்கொள்கின்றன. பழகாத முன்கையும் மேல்மார்பும் பருவத் தொடக்கத்தில் மாட்டிக்கொள்கின்றன. சித்திரை முடிவதற்குள் பலருக்குத் தானாகவே குறைவதும் இந்தப் பழக்கத்தால்தான்.

இவர் செய்த முதல் மாற்றம் இடப்பக்க இருக்கைக்கு மாறியது. இரண்டாவது, முழுக்கைத் துணி. களிம்பு மூன்றாவதாகத்தான் வந்தது. அந்த வரிசையிலேயே நாமும் பார்ப்போம்.

முதலில் துணி

முன்கைகளுக்குக் களிம்பைவிடத் துணியே மேல். துணி வியர்வையில் கரையாது, இரண்டு மணிக்கொரு முறை மறுபடி பூச வேண்டியதில்லை. ஆனால் எல்லாத் துணியும் காக்காது. துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். இழைகளுக்கு நடுவே வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் கதிரும் அந்த வழியே வரும். மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியும் வலை போன்ற துப்பட்டாவும் இந்தச் சோதனையில் தோற்கும். நெருக்கமாக நெய்த, அடர்நிறத் துணி தேறும்.

இருசக்கர வாகனம் ஓட்டுபவர்கள் போடும் கையுறைத் துணிகளில் ஒரு சிக்கல் உண்டு. இறுக்கமாக இழுத்துப் போட்டால் இழை விரிந்து கதிர் உள்ளே போகும். அதனால் ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள். பருத்தித் துணி நனைந்தாலும் காப்பு குறையும், ஆகவே வியர்த்து ஊறிய சட்டைக்கை காய்ந்த சட்டைக்கை அளவுக்குக் காக்காது. தளர்வான முழுக்கைச் சட்டையை மேலே போட்டு, அலுவலகம் போனதும் கழற்றிவிடுவது நடைமுறையில் எளிது. குடை பிடித்தால் உட்புறம் கறுப்பாக, தடித்த துணியில் இருக்கட்டும். சுவரிலும் சிமெண்ட் தரையிலும் பட்டுத் திரும்பும் கதிரைக் குடை தடுக்காது, ஆகவே குடையோடு முழுக்கையும் வேண்டும்.

நேரத்துக்குக் கடிகாரம் தேவையில்லை. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் வரை வெயில் கடுமை என்று கொள்ளுங்கள். துணி காயப்போடுவது, கடைக்குப் போவது போன்ற சிறு வேலைகளை நிழல் நீளும் நேரத்துக்குத் தள்ளினாலே பாதி வெயில் குறைந்துவிடும்.

பிறகு சன்ஸ்கிரீன்

குழாயின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எஸ்.பி.எஃப். எண் முக்கியமாகத் தோலைச் சிவக்க வைக்கும் 'பி' வகைக்கான அளவு. நமக்கு வேண்டிய 'ஏ' வகைக் காப்பை அது சொல்லாது. அதற்குப் பக்கத்தில் பி.ஏ. என்றும் கூட்டல் குறிகளும் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று கூட்டல் குறியாவது இருக்க வேண்டும், நான்கு இருந்தால் இன்னும் நல்லது. எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல் இருக்கட்டும். எண் 50 ஆக இருந்தும் பி.ஏ. குறி ஒன்றே ஒன்று என்றால் இந்த ஒவ்வாமைக்கு அது உதவாது.

சன்ஸ்கிரீன் பூசியும் தடிப்பு வருகிறது என்பவர்களில் பலர் பூசும் அளவு மிகக் குறைவு. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனி வரை இரண்டு கோடாகப் பிதுக்குங்கள். அது முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தடவைக்கான அளவு. ஒவ்வொரு கைக்கும் தோளிலிருந்து பூச அதே அளவு தனியாக வேண்டும். முகம், கழுத்து, இரு முன்கை, புறங்கை எல்லாவற்றுக்கும் ஒரு தடவைக்குச் சுமார் 5 கிராம் ஆகும். 50 கிராம் குழாய் பத்துத் தடவையில் தீர்ந்துவிடும். யாருக்கும் இது கட்டுப்படியாகாது. அதனால்தான் கைகளைத் துணியிடம் விட்டுவிட்டு, களிம்பை முகம், கழுத்து, புறங்கைக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். மட்டமான அளவில் உடம்பெல்லாம் பூசுவதைவிடச் சிறு இடத்தில் சரியான அளவில் பூசுவதே பலன் தரும்.

வெளியே கிளம்பக் கால் மணி நேரம் முன்பே பூசுங்கள். வெயிலில் நிற்பவரானால் இரண்டு மணிக்கொரு முறை மறுபடி பூச வேண்டும். காலையில் பூசியது மாலைப் பயணத்துக்குக் காணாது, கிளம்பும்முன் இன்னொரு முறை வேண்டும். காது, பின்கழுத்து, சேலை ரவிக்கையின் கழுத்துவெட்டு ஆகியவை எல்லோரும் மறக்கும் இடங்கள்.

பூசிய இடத்தில் மட்டும் அரிப்பு கூடினால் களிம்பே ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். அப்போது ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு மட்டும் உள்ள வகைக்கு மாறுங்கள். சற்று வெள்ளையாகத் தெரியும், ஆனால் ஒவ்வாமை தருவது மிகக் குறைவு.

எலுமிச்சைச் சாற்றை முகத்திலோ கையிலோ தேய்த்துக்கொண்டு வெயிலில் போகவே கூடாது. சாற்றிலுள்ள பொருள் வெயிலோடு சேர்ந்து தோலைப் புண்ணாக்கி, மாதக்கணக்கில் மறையாத கறுப்புத் திட்டை விட்டுப்போகும்.

வந்துவிட்ட தடிப்புக்கு

வெயிலை நிறுத்துவதுதான் முதல் மருந்து. குளிர்ந்த நீரில் நனைத்த பருத்தித் துணியைப் பத்து நிமிடம் ஒத்தி எடுங்கள், ஒரு நாளில் மூன்று நான்கு முறை செய்யலாம். அதன்பின் கலாமைன் லோஷன் தடவினால் எரிச்சல் அடங்கும். அரிப்பால் தூக்கம் கெட்டால் பெரியவர்கள் இரவில் செட்டிரிசின் 10 மி.கி. ஒரு மாத்திரை எடுக்கலாம். தூக்கம் வரும் என்பதால் அதை எடுத்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது. கர்ப்பிணிகளும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கேட்காமல் எடுக்கக் கூடாது. இந்த மாத்திரை அரிப்பைத்தான் தணிக்கும், தடிப்பை அவ்வளவாகக் குறைக்காது.

தடிப்பைக் குறைப்பது ஸ்டீராய்டு களிம்பு. மருத்துவர் எழுதித் தந்தால், சொன்ன சில நாளுக்கு, சொன்ன இடத்தில் மட்டும் அதைப் பூசுவதில் அச்சமில்லை. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்பு இரண்டே நாளில் அரிப்பை நிறுத்திவிடும். அந்த நம்பிக்கையில் முகத்துக்கு மாதக்கணக்கில் பூசுவார்கள். பிறகு தோல் மெலிந்து ரத்தநாளம் தெரியும், பருவும் மீசை ரோமமும் கிளம்பும். களிம்பை நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கும். வெயிலில் நிற்கவே முடியாது. பார்ப்பவர்கள் பழைய ஒவ்வாமை முற்றிவிட்டது என்று எண்ணி இன்னும் பூசச் சொல்வார்கள். குழாயைத் திருப்பிப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. 2018இல் மத்திய அரசு இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது இந்தக் கேட்டைக் கண்டுதான். ஏற்கெனவே பல மாதம் பூசியிருந்தால் சட்டென்று விடாமல் தோல் மருத்துவரிடம் காட்டிப் படிப்படியாக விடுங்கள்.

எப்போது காட்ட வேண்டும்?

முதல் முறை வந்திருந்தால் ஒரு தடவையாவது தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். தடிப்பு நன்றாகத் தெரியும் நாளில் பகல் வெளிச்சத்தில் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள், ஏனென்றால் மருத்துவரைப் பார்க்கும் நாளில் அது பாதி மறைந்திருக்கும். இரண்டு வாரக் குறிப்பையும் எடுத்துப் போங்கள். வெயிலைத் தவிர்த்தும் இரண்டு வாரம் தாண்டித் தடிப்பு நீடித்தாலோ, தழும்பு விழுந்தாலோ, மூட்டு வலியோ வாய்ப்புண்ணோ காய்ச்சலோ கூட இருந்தாலோ தள்ளிப்போட வேண்டாம். உதடோ முகமோ வீங்கி மூச்சு முட்டினால் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

ஆண்டுதோறும் கடுமையாக வருபவர்களுக்கு மருத்துவமனையில் இன்னொரு வழி உண்டு. கோடைக்கு முன் சில வாரம், அளந்த சிறு அளவில் புற ஊதா ஒளியைத் தோலில் காட்டிப் பழக்குவார்கள். சித்திரையில் தானாக நடக்கும் பழக்கத்தை முன்கூட்டியே, கட்டுப்பாட்டோடு நடத்துவது இது. வீட்டில் வெயிலில் நின்று நாமே செய்து பார்ப்பது சரிவராது. அளவு தப்பினால் தடிப்புதான் மிஞ்சும். சிலருக்குக் கோடை மாதங்களில் மட்டும் ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் மாத்திரை தருவார்கள், கண் பரிசோதனையோடு.

நீண்ட காலம் வெயிலை ஒதுக்கி வாழ்பவர்கள் வைட்டமின் டி அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குறைந்திருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரையாக எடுக்கலாம்.

ஒரு முறை வந்தவருக்கு அடுத்த ஆண்டும் வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே தடிப்பு வரும்வரை காத்திராமல் மாசி நடுவிலேயே ஏற்பாட்டைத் தொடங்குங்கள். முழுக்கைச் சட்டையை வெளியே எடுங்கள், சன்ஸ்கிரீன் குழாயின் காலாவதித் தேதியைப் பாருங்கள், பயணத்தில் எந்தப் பக்கம் வெயில் விழுகிறது என்று ஒரு நாள் கவனித்து இருக்கையை மாற்றிக்கொள்ளுங்கள். பருவத்தின் முதல் சில வாரங்களைக் கடந்துவிட்டால், பெரும்பாலானவர்களுக்கு அந்த ஆண்டின் தொல்லையில் கடினமான பகுதி கடந்துவிடும்.